"நம்பலாமா?"ன்னு கேட்டார், "நம்பலாம் சார்"னுட்டேன்

ஆபரேட்டர்கள்கிட்ட நான் எடுத்த சர்வேயோட ரிப்போர்ட்டப் பாத்துட்டு, அந்த மீட்டிங்ல பிளான்ட் ஹெட் கேட்டது ஒரே கேள்விதான். "நம்பகத்தன்மை 0.93ன்னு போட்டிருக்கீங்க, அப்ப இதை நம்பலாம்ல?" நான் யோசிக்கவே இல்ல, "தாராளமா நம்பலாம் சார்"னுட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த "தாராளமா" உறுத்துது.

தப்பா சொல்லலைன்னும் தோணுது. நம்பகத்தன்மைய அளக்கற நம்பருக்குப் பேர் ஆல்ஃபா, அது 0.93ங்கறது உண்மை. ஆனா அந்த நம்பர் சொல்றது, ஒரே ஆள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே மாதிரி பதில் சொல்றாருங்கறத மட்டும்தான். அந்தப் பதில் எதைப் பத்தினதுன்னு அதுக்குத் தெரியாது. அளக்க நினைச்சதத்தான் அளக்கறோமாங்கறது வேற விஷயம், அதுக்குப் பேர் ஏற்புடைமை. தமிழ்ல நம்பகத்தன்மைன்னு பேர் வெச்சதே வினை, கேக்கறவர் நம்பலாம்னுதானே எடுத்துக்குவார்? சரி, வார்த்தை மேல பழியப் போட்டுத் தப்பிக்கப் பாக்கறேன்னும் தெரியுது.

நடந்தது இதுதான். ஆபரேட்டர்களோட பாதுகாப்பு மனப்பான்மைய அளக்க எட்டு வாக்கியம் எழுதினேன், ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரை மார்க் போடணும். ஆறு நேரா இருக்கும், "மெஷின் கார்டு இல்லாம வேலை பாக்கக் கூடாது", "பாதுகாப்பு விதி முக்கியம்" இப்படி. கார்டுன்னா மெஷின்ல கை மாட்டாம இருக்கப் போடற தடுப்பு. ரெண்டு மட்டும் தலைகீழ், "அவசர ஆர்டர்னா கார்டைக் கழட்டிட்டு ஓட்டறதுல தப்பில்ல"ங்கற மாதிரி. அந்த ரெண்டோட மார்க்க, 5ஐ 1ஆ, 4ஐ 2ஆ திருப்பிப் போட்டு கணக்கு பண்ணா ஆல்ஃபா 0.79. ரெண்டையும் தூக்கினா 0.93. தூக்கிட்டேன். சாஃப்ட்வேரே "இந்தக் கேள்விய எடுத்தா ஆல்ஃபா இவ்வளவு ஏறும்"னு ஒரு வரிசை போட்டுக் காட்டும், நிறைய பேர் அதைப் பாத்துத்தான் எடுப்பாங்க, நானும் எடுத்தேன்.

எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னிருக்கணும். திருப்பிப் போட்ட பிறகும் அந்த ரெண்டு கேள்வியும் மத்த ஆறோட லேசா எதிர்த்திசையில போச்சு. அப்படின்னா "கார்டு கட்டாயம்"னு 5 போட்ட அதே ஆள் "கழட்டினா தப்பில்ல"ன்னும் 5 போட்டிருக்கார். எல்லாத்துக்கும் ஆமா. அந்த ஃபார்ம்ல எம்ப்ளாயி நம்பர் எழுத இடம் இருந்துச்சு, வாங்கி அடுக்கினது சூப்பர்வைசர். அப்ப நான் அளந்தது பாதுகாப்பு மனப்பான்மையா, சூப்பர்வைசர் முன்னாடி காட்டற முகமா? எதை அளந்தாலும் ரொம்ப சீரா அளந்திருக்கேன், அதுதான் கொடுமை. எப்பவும் ரெண்டு கிலோ கூடவே காட்டற தராசும் சீராத்தான் காட்டும்.

ரிப்போர்ட் போய் கொஞ்ச நாள்ல ஃப்ளோர்ல நின்னுட்டிருந்தேன், ஒரு மெஷின்ல கார்டு கழட்டி ஓரமா சாத்தி வெச்சிருந்தாங்க, மேல தூசி படிஞ்சிருந்தது, அன்னைக்குக் கழட்டினது இல்ல. ஓட்டிட்டிருந்தவர்கிட்ட "சர்வேல என்னண்ணே போட்டீங்க"ன்னேன். "நீங்க என்ன எதிர்பார்த்தீங்களோ அதைத்தான் தம்பி போட்டேன்"னு சிரிச்சார்.

ஆனா இன்னொரு பக்கமும் யோசிக்கறேன். கார்டு முக்கியம்னும் அவசரத்துக்குக் கழட்டலாம்னும் ஒரே மனுஷன் நிஜமாவே நினைக்க முடியாதா? நானே அப்படி எத்தனை விஷயத்துல இருக்கேன். அப்படின்னா அந்த ரெண்டு கேள்வியும் வேற எதையோ அளந்திருக்கு, தனியா வெச்சது சரிதான். தனியா வெச்சேனா, குப்பைல போட்டேனா? குப்பைலதான்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் அதே ஃபார்ம்ல நடந்துச்சு. "புது ஷிஃப்ட்டும் ஓவர்டைமும் எனக்குத் திருப்தி"ன்னு ஒரு ஒத்தைக் கேள்வி. ரெண்டு வாரம் விட்டு அதே நாப்பது பேர்கிட்ட திரும்பக் கேட்டா, முதல் பதிலுக்கும் ரெண்டாவதுக்கும் ஒட்டுறவு 0.35தான், ரெண்டும் ஒத்துப்போயிருந்தா 1 கிட்ட வந்திருக்கும். ஒருத்தர் முதல்ல 5, அப்புறம் 2. கேட்டா, "அன்னைக்கு ஷிஃப்ட்ட நினைச்சுப் போட்டேன், இன்னைக்கு ஓவர்டைம நினைச்சேன்"ங்கறார். ஒரே வாக்கியத்துல ரெண்டு விஷயத்தக் கோத்தா இப்படித்தான் ஆகும். கேள்வி அவங்க நிஜக் குறைகிட்டத்தான் போய் நின்னுச்சு, ஆனா பதில் ஆடிட்டே இருந்தா எதையும் அளந்ததா சொல்ல முடியாது. அந்த ரெண்டு வாரத்துல அவங்க மனசே மாறியிருக்கலாம்னு ஒரு சந்தேகமும் இருக்கு, 0.35ங்கற நம்பர் அதைப் பிரிச்சுக் காட்டாது.

இதை மட்டும் மீட்டிங்ல நேர்மையா சொன்னேன், "இந்தக் கேள்வி நம்பகமில்ல சார், விட்டுடலாம்"னு. குறை சொன்ன கேள்வி வெளிய போச்சு, எல்லாரும் ஆமா போட்ட ஆறும் உள்ள நின்னுச்சு.

அடுத்த சர்வேல தலைகீழ் கேள்வி ரெண்டையும் திரும்பச் சேத்தேன், பேர் நம்பர் எதுவும் இல்லாம பெட்டில போடச் சொன்னேன். ஆல்ஃபா 0.81. இப்ப வேற ஹெட். ரிப்போர்ட்டப் புரட்டிட்டு, "போன தடவை 0.93 இருந்துச்சே, தரம் குறைஞ்சிருக்கா?"ன்னார்.

விளக்க வாயத் தொறந்தேன். அவர் கைக்கடிகாரத்தப் பாத்தார். "ஆமா சார், கொஞ்சம்"னுட்டேன்.