படிவத்தில் எழுதியிருந்த சோதனை

"சிறுநீர்ல போர்ஃபிரின் கூடியிருக்கு டாக்டர். ஆனா கல்லீரல் கோளாறு, மது, வேற எதனாலயும் இப்படிக் கூடலாம்."

"அப்போ போர்ஃபிரியா இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் சொன்ன எதுவும் தவறில்லை. படிவத்தில் 'போர்ஃபிரின்' என்று எழுதியிருந்தது, அதைத்தான் பார்த்தோம். ஆனால் அந்த நோயாளிக்குப் பார்த்திருக்க வேண்டியது போர்ஃபோபிலினோஜன், சுருக்கமாக பிபிஜி.

இளம்பெண், மூன்று நாளாகத் தாங்கமுடியாத வயிற்றுவலி. கை வைத்து அழுத்தினால் வயிறு மென்மையாக இருந்தது, ஸ்கேனில் ஒன்றுமில்லை. நாடித்துடிப்பு 120, ரத்தத்தில் சோடியம் 121 என்று தாழ்ந்திருந்தது. வலிக்கும் வயிற்றுக்கும் பொருந்தாத இந்தச் சேர்க்கை தீவிர இடைவிட்ட போர்ஃபிரியாவின் கையெழுத்து. வார்டு டாக்டர் அதைச் சரியாகவே சந்தேகித்தார். சோதனையின் பெயரில்தான் வழி பிசகியது.

ரத்தச் சிவப்பணுக்களிலும் கல்லீரல் நொதிகளிலும் இருக்கும் ஹீம் என்ற பொருளை உடல் எட்டு நொதிகள் வழியே கைமாற்றிக் கைமாற்றிச் செய்கிறது. முதல் நொதி ஏஎல்ஏ என்ற மூலப்பொருளை உண்டாக்கும், இரண்டாவது அதை பிபிஜி ஆக்கும், போர்ஃபிரின் அதற்கும் பின்னால்தான் வரும். இந்த நோயில் மூன்றாவது நொதி பாதி அளவே வேலை செய்கிறது. சாதாரண நாட்களில் அந்தப் பாதியே போதும். அதனால்தான் பிறழ்ந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒரு தாக்குதல்கூட வருவதில்லை. பட்டினி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், சில மருந்துகள் என ஏதாவது கல்லீரலின் ஹீம் தேவையைக் கூட்டும்போதுதான் சிக்கல். ஹீம் குறைந்தால் முதல் நொதியின் தடை விலகி, ஏஎல்ஏவும் பிபிஜியும் குவியும். நரம்புகளைக் கெடுப்பது ஏஎல்ஏ என்பதே வலுவான கருத்து. ஈய நஞ்சில் பிபிஜி அவ்வளவாகக் கூடாமல் ஏஎல்ஏ மட்டும் கூடும். அதிலும் இதே போன்ற வயிற்றுவலியும் கைத்தளர்ச்சியும் வருகின்றன. குடலை இயக்கும் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்படுவதால் வலி உண்டு, அழற்சி இல்லை. வயிறு மென்மையாக இருப்பதன் காரணம் இதுதான்.

தோலில் கொப்புளம் இல்லையே என்றும் ஒரு கேள்வி வார்டில் எழுந்ததாம். ஏஎல்ஏவும் பிபிஜியும் ஒளியை உறிஞ்சும் வளையப் பொருட்கள் அல்ல. கொப்புளம் வர, பாதையில் இன்னும் கீழே ஐந்தாவது நொதி போன்ற ஒன்று தடைபட்டு, உண்மையான போர்ஃபிரின் தோலில் சேர வேண்டும். அது 400 நானோமீட்டர் அளவிலான ஒளியை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனை வெறிகொள்ள வைத்துத் தோலைப் பிளக்கும். ஆகவே இந்த நோயில் கொப்புளம் இல்லாததை எதிர்ச்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நரம்புத் தாக்குதலும் கொப்புளமும் சேர்ந்து வரும் வகைகளும் உண்டு, அது வேறு கதை.

அன்று இரவு வலிப்பு வந்தது. ஃபெனிடாயின் கொடுத்தார்கள். அது கல்லீரலின் மருந்துச் சிதைப்பு நொதிகளைப் பெருக்கும். அவற்றுக்கும் ஹீம் வேண்டும், எனவே எரியும் அடுப்பில் இன்னொரு விறகு. மறுநாள் மாலைக்குள் தோள்களில் பலம் போனது.

இங்கே என் மனம் இரண்டு பக்கமும் வாதாடும். சோடியம் 121 இருக்கும்போது வலிப்பு எப்படியும் வந்திருக்கலாம். தளர்ச்சியும் ஃபெனிடாயின் இல்லாமலே வந்திருக்கலாம். ஆனாலும் அந்தத் தொலைபேசியில் ஒரு வாக்கியம் கூட்டியிருந்தால், பாதுகாப்பான வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் கைக்கு வந்திருக்கும். "பிபிஜி பார்க்கச் சொல்லுங்க" என்பதை நான் ஏன் சொல்லவில்லை? கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்பது உண்மை. அவர் கேட்டது சோதனையின் பெயரை அல்ல, நோயை என்பதும் உண்மை.

அதன்பின் எர்லிக் வினைபொருளை வைத்து, பிபிஜியைக் காட்டும் ஹோஷ் சோதனை செய்தோம். சில துளி சிறுநீர் விட்டதுமே மேற்பரப்பில் செர்ரிச் சிவப்பு. இது முதற்கட்டக் குறிப்பு மட்டுமே. அளவிட்டு உறுதி செய்தபோது பிபிஜி இயல்பைவிடப் பல பத்து மடங்கு இருந்தது. ஹீமாகவே செலுத்தும் மருந்தான ஹீமின் வரும் வரை குளுக்கோஸ், வந்தபின் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் வீதம் நான்கு நாள். வலி ஒரு வாரத்துக்குள் ஓய்ந்தது. தோள்களுக்கு மாதங்கள் ஆயின.

ஹோஷுக்கு எடுத்தது புதிய மாதிரி அல்ல. முதல் நாள் போர்ஃபிரினுக்காக வந்து, அலுமினியத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அதே குப்பி.