பழைய ஐ5-4460ல புது ஆர்எக்ஸ் 6600 போட்ட அனுபவம்: கார்டு வாங்குறதுக்கு முன்னாடியே அளந்து பார்த்தேன்

என்கிட்ட இருக்குறது 2015ல வாங்கின டெஸ்க்டாப். ஐ5-4460 ப்ராசஸர், நாலு கோர் நாலு த்ரெட், பி85 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்3 ரேம். நடுவுல ஒரு தடவ ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன், அதோட வண்டி ஓடிட்டு இருந்துச்சு. போன வருஷம் சைபர்பங்க் 2077 வாங்கி போட்டா 1080பி லோ செட்டிங்ல 31, 32 எஃப்பிஎஸ்தான் வருது. சரி, கார்டை மாத்திடலாம்னு ஆர்எக்ஸ் 6600 பக்கம் கண்ணு போச்சு. கேட்ட இடத்துல எல்லாம் பாதிப் பேர் "அந்த ப்ராசஸர்ல போட்டா காசு வேஸ்ட், பாட்டில்நெக் ஆகும்"ங்குறாங்க, மீதிப் பேர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போடு"ங்குறாங்க. ரெண்டு பேருமே என்ன கேம், எத்தனை எஃப்பிஎஸ் வேணும்னு கேக்கல. அது தெரியாம இந்தக் கேள்விக்கு பதிலே கிடையாது.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முதல்ல சிபியூ வேலை செய்யணும், எந்த ஆள் எங்க நிக்குறான், எந்தக் கார் எங்க போகுது, எதை வரையணும்னு கணக்குப் போட்டு கார்டுக்குக் குடுக்கணும், அப்புறம்தான் கார்டு அதை வரையும். இதுல எது மெதுவோ அதோட வேகம்தான் உங்க எஃப்பிஎஸ். ரெசல்யூஷனை ஏத்தினா இறக்கினா கார்டோட வேலைதான் மாறுமே தவிர சிபியூவோட வேலை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அப்போ ரெசல்யூஷனை ரொம்பக் கீழ இறக்கிட்டா பழைய கார்டுக்கே வேலை லேசாயிடும், அப்ப வர்ற எஃப்பிஎஸ்தான் சிபியூவோட உச்சம். எவ்ளோ பெரிய கார்டு வாங்கினாலும் அந்த நம்பரைத் தாண்டிப் பெருசா போகாது. இதைக் கண்டுபிடிக்க புது கார்டே வேணாம், கையில இருக்குற கார்டே போதும்.

அதனால ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அளந்தேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டா கூடவே ரிவாட்யூனரும் வரும், ரெண்டும் இலவசம். அதுல `GPU usage`, ஒவ்வொரு கோரோட usage தனித்தனியா, `Framerate`, அப்புறம் `Frametime` கிராஃப், இவ்ளோதான் ஸ்க்ரீன்ல வர்ற மாதிரி வச்சேன். கோர்களைத் தனித்தனியா பாக்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மொத்த சிபியூ usage 50%னு காட்டும்போதே ஏதாவது ஒரு கோர் முழுசா திணறிட்டு இருக்கலாம், கேமோட மெயின் த்ரெட் அந்த ஒரு கோர்லதான் ஓடும், மொத்தத்தைப் பாத்து ஏமாந்துடக் கூடாது.

சைபர்பங்க்ல ரெசல்யூஷனை 1280x720க்கு இறக்கி, எஃப்எஸ்ஆரை அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸ்ல வச்சேன். படம் கண்றாவியா இருக்கும், பரவாயில்ல, இது அளக்குறதுக்கு மட்டும்தான். இங்க ஒரு விஷயம் முக்கியம், `Crowd Density` மாதிரி செட்டிங்கை மட்டும் கை வைக்காதீங்க. கூட்டம், ட்ராஃபிக், எவ்ளோ தூரம் வரைக்கும் பொருள் தெரியணுங்கறது, இதெல்லாம் சிபியூ தலையில விழுற வேலை. எல்லாத்தையும் லோ வச்சு அளந்தீங்கன்னா சிபியூ இருக்குறதை விட நல்லா இருக்குற மாதிரி தெரியும், அப்புறம் கார்டு வாங்கி எல்லாத்தையும் ஹைல போட்டதும் ஏமாற்றம்தான். நீங்க கடைசியா எந்த அளவுல விளையாடப் போறீங்களோ அதே அளவுல விட்டுட்டு ரெசல்யூஷனை மட்டும் இறக்குங்க.

ஜப்பான்டவுன் மார்க்கெட் பக்கம், கூட்டம் ஜாஸ்தி இருக்குற இடத்துல, ஒரே பாதையில மூணு தடவ நடந்தேன். சராசரி 42. `GPU usage` 60, 65னு இறங்கி நிக்குது, நாலு கோரும் 97ல இருந்து 100. அந்த 60ஐப் பாத்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு, கார்டு சும்மா காத்துக்கிட்டு இருக்கு, அப்ப இந்த 42 சிபியூவோட நம்பர். இதுவே `GPU usage` 95க்கு மேல இருந்திருந்தா கார்டுதான் இன்னும் தடுக்குதுன்னு அர்த்தம், அந்த நம்பரை சிபியூ கணக்குல எடுத்துக்கக் கூடாது, இன்னும் ரெசல்யூஷனை இறக்கணும்.

ஜிடிஏ 5ல இதே மாதிரி பண்ணப்ப 75 கிட்ட வந்துச்சு. தம்பி விளையாடுற வாலரண்ட்ல 1080பிலயும் 130, 720பிலயும் 130. அதாவது அவன் கேமுக்கு இப்பவே சிபியூதான் வரம்பு, எந்தக் கார்டு போட்டாலும் அவனுக்கு ஒண்ணும் மாறாதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. "டேய், உனக்கு இதுல ஒண்ணும் கிடைக்காதுடா"ன்னு சொல்லிட்டேன். அவன் முகம் வாடிப் போச்சு.

ஆக எனக்கு ஒரே பொட்டில மூணு கேமுக்கு மூணு பதில். ஜிடிஏல நல்ல லாபம், சைபர்பங்க்ல 32ல இருந்து 42, வாலரண்ட்ல சுத்தமா எதுவும் இல்ல. 42 போதுமா? எனக்குப் போதும்னு தோணுச்சு, ஏன்னா அந்த 42ல ஹை செட்டிங் வரும். சிபியூ தடுக்கும்போது கார்டு சும்மாதான இருக்கு, அந்த மிச்ச நேரத்துல டெக்ஸ்ச்சர், லைட்டிங் எல்லாம் ஏத்திக்கலாம், எஃப்பிஎஸ் குறையாது. வாங்கினேன்.

வாங்கும்போது இன்னொண்ணும் பாத்தேன். 6600, போர்டோட டேட்டா பரிமாற எட்டு பிசிஐஇ லேன்லதான் ஓடும். என் பி85 போர்டுல பிசிஐஇ 3.0 இருக்கு, அதனால பெரிய நஷ்டம் இல்ல. எச்81 போர்டா இருந்தா 2.0தான், கொஞ்சம் அடி விழும். ஜிபியூ-இசட்ல `Bus Interface`னு ஒரு வரி இருக்கும், கார்டு போட்டப்புறம் அங்க பாத்து உறுதி பண்ணிக்கலாம். காசு கம்மியா இருக்கேன்னு 6500 எக்ஸ்டி பக்கம் போயிடாதீங்க, அதுக்கு நாலே லேன், மெமரி பெரும்பாலும் 4 ஜிபி, இந்த மாதிரி பழைய போர்டுல அது ரொம்பவே திணறும்.

கார்டு மாட்டி 1080பி ஹைல அதே மார்க்கெட், அதே பாதை. 44. 42னு அளந்ததுக்கு 44. டிஎக்ஸ்12 கேம்ல ஏஎம்டி ட்ரைவர் சிபியூவுக்குக் கொஞ்சம் கம்மியா வேலை வைக்கும், அந்த ரெண்டு அதுல வந்திருக்கலாம். லோவுக்கு மாத்திப் பாத்தா 45, அவ்ளோதான் வித்தியாசம்.

ஆனா விளையாட நல்லா இல்ல. இதை நான் எதிர்பாக்கல. நடக்கும்போது ஓகே, கார்ல வேகமாப் போனா திடீர் திடீர்னு ஒரு நொடி மாட்டி நிக்குது. முன்னாடி 32 வந்தப்ப கூட இப்படி இல்ல, ஏன்னா அப்ப கார்டு மெதுவா இருந்ததால சிபியூவுக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சு, இப்ப நாலு கோரும் எப்பவும் 100ல நிக்குது, புது தெருவை டிஸ்க்ல இருந்து லோடு பண்ற வேலை வந்ததும் அதுக்குக் கோரே மிச்சம் இல்ல. சராசரி 44, ஆனா 1% லோ, அதாவது இருக்குறதுலயே மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்களோட வேகம், 22. `Frametime` கிராஃப் கோடு மாதிரி இல்லாம முள்ளு முள்ளா இருந்துச்சு. பழைய நாலு த்ரெட் ப்ராசஸர்ல உண்மையான வலி இங்கதான், சராசரியைப் பாத்தா இது தெரியவே தெரியாது.

முதல் வேலையா குரோமை மூடிட்டு ரிவாட்யூனர்ல `Framerate limit` 40னு போட்டேன். உடனே பாதி முள்ளு போயிடுச்சு, சிபியூவுக்கு அந்த இடைவெளி திரும்பக் கிடைச்சதால. அப்புறம் சிபியூ-இசட் திறந்து Memory டேப்ல பாத்தா சேனல் `Single`. ரெண்டாவது ஸ்லாட்ல அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி 1600 ஸ்டிக் போட்டா ரெண்டு சேனல் ஆகும், வினாடிக்கு 12.8 ஜிபி போய்க்கிட்டிருந்த பாதை 25.6 ஆகும், கொள்ளளவும் 16 ஆகும். பழைய ஸ்டிக் ஒண்ணு வாங்கிப் போட்டேன். லிமிட்டை எடுத்துட்டு அளந்தா சராசரி 47தான், ஆனா 1% லோ 22ல இருந்து 29. அந்தக் காசுக்கு இது பெரிய விஷயம்.

அதுக்கப்புறம் இதே போர்டுல மாட்டுற மாதிரி பழைய ஐ7 தேடி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்கார அண்ணன் முதல்ல கேட்டது "தம்பி, இப்ப என்ன சிபியூ போட்டிருக்கீங்க?". 4460ன்னதும் "அப்ப பயாஸ் அப்டேட் வேணாம், ரெண்டும் ஒரே செட்டுதான், எடுத்து மாட்டிக்கோங்க"ன்னு பழைய ஐ7-4790 ஒண்ணு குடுத்தார். அவர் சொன்னது சரி. 4460ம் 4790ம் ரெண்டுமே 2014ல வந்த ஹாஸ்வெல் ரெஃப்ரெஷ், ரெண்டுக்கும் 84 வாட், ஒரே சாக்கெட். 4790லயும் நாலு கோர்தான், ஆனா எட்டு த்ரெட், வேகமும் 3.4க்குப் பதில் 4.0 வரைக்கும் போகும்.

மாட்டிட்டு ஓட்டினா அஞ்சு நிமிஷம் நல்லா போயிட்டு எஃப்பிஎஸ் கீழ இறங்குது. ஆஃப்டர்பர்னர்ல டெம்பரேச்சர் 100, கிளாக் 3.8ல இருந்து 2.9க்கு விழுது. கழட்டிப் பாத்தா கூலரோட நாலு பின்ல ஒண்ணு சரியா உள்ள போகல, அந்த மூலை தூக்கிட்டு இருந்துச்சு. போர்டைக் கேஸ்ல இருந்து வெளிய எடுத்து, பின்னாடி நாலு பின்னும் வெளிய வந்திருக்கான்னு கண்ணால பாத்து, பேஸ்ட்டைத் துடைச்சு திரும்பப் போட்டேன். 78ல நின்னுச்சு. பழைய ப்ராசஸர் மாத்தினவங்க "ஐ7 போட்டும் ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னா முதல்ல கிளாக்கைப் பாக்கச் சொல்லுங்க.

அப்புறம் அதே மார்க்கெட், அதே பாதை: சராசரி 58, 1% லோ 41, `GPU usage` 88. 50ல லிமிட் போட்டு விளையாடுறேன், கிராஃப் கிட்டத்தட்ட நேர்கோடு. மார்க்கெட்டுக்குள்ள காரை வேகமா விட்டா மட்டும் இன்னும் ஒண்ணு ரெண்டு முள்ளு வருது, `Crowd Density`யை மீடியம் பண்ணா அதுவும் போயிடுது. இதுக்கு மேல இந்த சாக்கெட்ல பெருசா எதுவும் இல்ல, அடுத்தது போர்டு, ரேம், ப்ராசஸர் மூணையும் மாத்துறதுதான், அப்ப இந்தக் கார்டைக் கழட்டி அதுல போட்டுக்கலாம். தம்பிக்குக் கார்டுல ஒண்ணும் கிடைக்கலன்னு சொன்னேன்ல, ஐ7 போட்ட அன்னைக்கு அவன் வாலரண்ட் 130ல இருந்து 170க்குப் போச்சு.