மலைச்சரிவு நிலத்தில் மண் இழப்பைக் கணக்கிட்டபோது

மலைச்சரிவு விளைநிலம் ஒன்றில் ஆண்டுக்கு எவ்வளவு மண் போகிறது என்று கணக்கிடும் வேலை. USLE என்ற மண் இழப்புச் சமன்பாடு எளிது: A = R × K × LS × C × P. மழை, மண், சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர், பாதுகாப்பு முறை என்று இதே வரிசையில் ஐந்து ராஸ்டர்களைப் பெருக்கினால் ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று வந்துவிடும். R, K இரண்டும் ஒரே அலகு முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். மலையில் நேரத்தை விழுங்குவது LS-தான்.

30 மீட்டர் செல் கொண்ட நில உயர மாதிரியை மீட்டர் அலகுள்ள ஆயமுறைக்கு மாற்றி, பள்ளங்களை நிரப்பி, சரிவையும் ஒவ்வொரு செல்லுக்கும் மேலிருந்து எத்தனை செல்களின் நீர் வருகிறது என்பதையும் எடுத்தேன். அதை அப்படியே போட்டு ஓட்டியதும் வரைபடத்தில் ஓடைகள் எல்லாம் சிவப்பாக எரிந்தன. 20 சதவீதச் சரிவில் 2000 செல்களின் நீர் சேரும் இடத்தில் LS சுமார் 65. என் அடுக்குகளில் அங்கே R 5000, K 0.03, C 0.2, P 0.5. பெருக்கினால் ஹெக்டேருக்கு 980 டன்னைத் தொடுகிறது.

இதை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் என்பது ஏறத்தாழ 13 டன். அப்படியானால் 980 டன் என்பது ஆண்டுக்கு ஏழரை செ.மீ. ஒவ்வொரு ஆண்டும் அவ்வளவு போனால் சில ஆண்டுகளில் அங்கே மேல்மண்ணே மிஞ்சாது.

காரணம் சமன்பாட்டிலேயே இருக்கிறது. 22.13 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சரிவும் கொண்ட சோதனைத் துண்டை அளவுகோலாக வைத்து உருவானது அது. படலமாக ஓடும் நீரும் சிறு கீறல்களும் அரிப்பதை மட்டுமே அது சொல்லும். ஓடைக்குள் நடப்பது அதன் எல்லைக்கு வெளியே. அதனால் ஓடை செல்களை முகமூடி போட்டு நீக்கினேன். மற்ற இடங்களில் சரிவு நீளத்தை 120 மீட்டரில், அதாவது 4 செல்லில் நிறுத்தினேன். QGIS ராஸ்டர் கால்குலேட்டரில் LS-க்கு எழுதியது இது:

```
(MIN("flowacc@1" + 1, 4) * 30 / 22.13)^0.4 * (sin("slope@1" * 0.0174533) / 0.0896)^1.3
```

நான் பயன்படுத்திய கருவி தன் செல்லை எண்ணாது, மேலிருந்து வருவதை மட்டும் எண்ணும். +1 இல்லாவிட்டால் முகட்டில் LS பூச்சியமாகி, அங்கே அரிப்பே இல்லை என்று வரைபடம் சொல்லும். சரிவு டிகிரியில் இருப்பதால் 0.0174533 அதை ரேடியனாக்குகிறது.

இப்போது அதே 20 சதவீதச் சரிவில், 4 செல் நீளத்துக்கு LS 5.4. இழப்பு சுமார் 82 டன், அதாவது ஆறு மி.மீ.யை ஒட்டி. இது இன்னும் அதிகம்தான், ஆனால் மூடாக்கு குறைந்த செங்குத்து நிலத்தில் நடக்கக்கூடியது.

அப்புறம் வரப்புகள். 30 மீட்டர் செல்லுக்கு அவை கண்ணில் படாது. நிலத்தில் 30 மீட்டருக்கு ஒரு வரப்பு இருந்தால் நீரின் ஓட்டம் அங்கே அறுபடுகிறது. அந்தப் பகுதிகளை வரைந்து, உச்ச நீளத்தை 4-லிருந்து 1 செல்லுக்கு இறக்கினேன். LS 3.1 ஆனது, இழப்பு 47 டன். வரப்பின் பலன் இப்படி நீளத்தில் வந்துவிட்டதால் P-யில் அதையே மறுபடி குறைக்கக்கூடாது. சமஉயர உழவுக்கான மதிப்பை மட்டும் அங்கே விட்டேன்.