கவர் லெட்டரில் நகைச்சுவை: ஒரே சம்பவம், மூன்று நிறுவனங்கள்

டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரின் கவர் லெட்டரைத் திருத்தித் தரும் வேலை எங்களிடம் வந்தது. ஒரே வாரத்தில் அவர் மூன்று இடங்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது: ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம், மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம், ஓர் அரசு அலுவலகம். கடிதத்தின் தொடக்கமே ஒரு வேடிக்கையான சம்பவம். அதை வைப்பதா, எடுப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த ஒரு சம்பவம் மூன்று கடிதங்களில் மூன்று விதமாக முடிந்தது. ஒவ்வொரு முடிவையும் எதை வைத்து எடுத்தோம் என்பதைச் சொல்கிறோம்.

முதலில் அவர் எழுதியிருந்தது இது:

“எங்கள் கருவியை வாங்கிய ஒருவர் பச்சை விளக்கு எரியும் என்று அரை மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் பார்த்தால் அவர் பிளக்கையே சொருகவில்லை! அன்றுதான் கையேடு எழுதுவது எவ்வளவு பெரிய சவால் என்று புரிந்துகொண்டேன்.”

வாய்வழி சொன்னால் யாரும் சிரிப்பார்கள். கடிதத்தில் அது மூன்று இடங்களில் இடறுகிறது. சிரிப்பு வாடிக்கையாளர் மேல் விழுகிறது. கையேடு எழுத வருபவர் கையேட்டைப் படிப்பவரைப் பார்த்துச் சிரித்தால், வேலையின் அடிப்படையையே அவர் பிடிக்கவில்லை என்று தேர்வு செய்பவர் நினைப்பார். இரண்டாவது, சம்பவத்தில் விண்ணப்பதாரர் எதையும் செய்யவில்லை, வெறுமனே புரிந்துகொள்கிறார். மூன்றாவது, கடிதத்தின் முதல் பத்தியை அது பிடித்துக்கொண்டதால், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார், என்ன தகுதி இருக்கிறது என்பதெல்லாம் கீழே போய்விட்டது. முதல் சல்லடையில் கடிதத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர் அவ்வளவு தூரம் இறங்கி வர மாட்டார்.

நடந்ததை இன்னும் விவரமாகச் சொல்லுங்கள் என்று கேட்டபோதுதான் உண்மையான சரக்கு கிடைத்தது. பிளக் சொருகாதது வாடிக்கையாளரின் தவறே இல்லை. கையேட்டின் மூன்றாம் படி ‘பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்’ என்கிறது. மின் இணைப்பு கொடுக்கச் சொல்வதோ ஏழாம் படி. கையேட்டை ஒழுங்காகப் பின்பற்றியவர்தான் மாட்டிக்கொண்டார். விண்ணப்பதாரர் அதன் பிறகு, கருவியைப் பார்த்தே இராத ஒருவரிடம் கையேட்டைக் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து கவனித்து, தயங்கிய இடங்களையெல்லாம் குறித்துத் திருத்தியிருக்கிறார். பச்சை விளக்கு எரியவில்லையே என்று வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த போன் அழைப்புகள் நின்றுபோயின. முதல் வரைவில் இதில் ஒரு சொல்கூட இல்லை.

அதனால் மாற்றி எழுதினோம்:

“நான் சேர்ந்தபோது இருந்த கையேட்டில் மூன்றாம் படி பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னது, மின் இணைப்பு கொடுக்கச் சொன்னது ஏழாம் படி. இரண்டுக்கும் நடுவில் வாடிக்கையாளர்கள் எங்களுக்குப் போன் செய்தார்கள். கருவியைப் பார்த்திராத ஒருவரை ஒவ்வொரு படியாகச் செய்யச் சொல்லி, அவர் தயங்கிய இடங்களைத் திருத்தினேன். அதன்பின் அந்த அழைப்புகள் வரவில்லை.”

நான்கே வாக்கியம். ஒரு பக்கக் கடிதத்துக்கு இதற்கு மேல் நீண்டால் தகுதிகளுக்கு இடம் இருக்காது. சிரிப்பு இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் இருக்கிறது, அதுவும் ஆச்சரியக்குறி இல்லாமல். வரிசை மாறிய படிகளைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம், எந்த மனிதரையும் பார்த்து அல்ல. இடமும் மாறியது: முதல் பத்தியில் வேலையின் பெயரும் தகுதியும், இரண்டாம் பத்தியில் இந்தச் சம்பவம்.

இதன்மேல் இரண்டு சோதனைகள் செய்தோம். சிரிப்பு வரியை மட்டும் நீக்கிவிட்டுப் படித்தோம். பத்தி அப்போதும் அவர் என்ன செய்தார், என்ன பலன் என்பதைச் சொன்னது. அந்த வரியை நீக்கியதும் பத்தி சரிந்துவிழுந்தால், செய்த வேலை தாங்க வேண்டிய பாரத்தை நகைச்சுவை தாங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். இரண்டாவதாக, அதே வரியைக் களைத்துப்போன, சற்றும் சிரிக்காத குரலில் வாய்விட்டுப் படித்தோம். சிரிப்பு கழன்றுவிட்டால் மிச்சம் நிற்பது என்ன என்று பார்ப்பதற்கு. வெறும் தகவல் நின்றால் பயமில்லை. புகாரோ ஏளனமோ அலட்சியமோ நின்றால் அந்த வரி எந்த நிறுவனத்துக்கும் போகக் கூடாது. முதல் வரைவில் ஏளனம் நின்றது. இதில் தகவல் நின்றது. ஆனால் ஒரு மெல்லிய ஆபத்து மிச்சம் இருந்தது: பழைய நிறுவனத்தின் கையேடு மோசம் என்று சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆபத்தின் எடை இடத்துக்கு இடம் மாறும்.

எந்த இடத்துக்கு எது என்று முடிவு செய்ய மூன்று விஷயங்களைப் பார்த்தோம்: கடிதத்தை முதலில் படிப்பவர் யார், எத்தனை பேர் ஒப்புக்கொண்டால் நேர்காணலுக்கு அழைப்பு வரும், அந்த வேலையில் ஒரு பிழை நேர்ந்தால் என்ன நஷ்டம். நிறுவனம் ‘ஜாலியான’ இடமா என்று பலரும் தேடுவதை நாங்கள் கடைசியில்தான் பார்க்கிறோம். காரணம், விளம்பரத்திலும் சமூக ஊடகப் பக்கத்திலும் வரும் நகைச்சுவையை எழுதுவது மார்க்கெட்டிங் குழு. கடிதத்தைப் படிப்பது வேறொருவர். நீங்கள் சேரப்போகும் பிரிவின் குரலைக் கேட்க வேண்டுமானால் அந்தப் பிரிவே எழுதியதைத் தேடுங்கள்: உதவிப் பக்கங்கள், புதிய பதிப்போடு வரும் குறிப்புகள், வேலை விளம்பரத்தில் பொறுப்புகளைச் சொல்லும் பத்தி. நிறுவன அறிமுகப் பத்தியை மனிதவளத் துறை எல்லா விளம்பரத்துக்கும் ஒட்டியிருக்கும். அதை வைத்து எதையும் கணிக்க வேண்டாம்.

மென்பொருள் நிறுவனத்தின் விளம்பரத்தில் கடிதத்தைக் குழுத்தலைவரின் மின்னஞ்சலுக்கே அனுப்பச் சொல்லியிருந்தார்கள். படிப்பவர் ஒருவர், முடிவும் பெரும்பாலும் அவருடையதே. அவர்களுடைய பதிப்புக் குறிப்புகளில், ‘கடந்த முறை நாங்கள் சரிசெய்ததாகச் சொன்னதை இந்த முறை உண்மையிலேயே சரிசெய்துவிட்டோம்’ என்ற தொனியில் வரிகள் இருந்தன. தங்கள் பிழையைப் பார்த்துத் தாங்களே சிரிக்கும் குழு அது. பிழை வந்தாலும் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். நான்கு வாக்கியங்களும் அப்படியே போயின. மின்னஞ்சலின் தலைப்பு வரியில் மட்டும் விளையாட்டு கூடாது என்று நிறுத்தினோம். அங்கே வேலையின் பெயரும் விண்ணப்பதாரர் பெயரும்தான் இருக்க வேண்டும். பின்னால் தேடும்போது அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

மருத்துவக் கருவி நிறுவனம்தான் அதிக யோசனை கேட்டது. அங்கே கையேடு என்பது கருவியின் பாதுகாப்பில் ஒரு பகுதி. படிகள் வரிசை மாறினால் நோயாளிக்குக் காயம் நேரலாம். அதனால் கையேட்டின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகி, ஒப்புதல் பெற்றுத்தான் வெளியே போகும். இப்படிப்பட்ட இடத்தில், வரிசை மாறிய படிகளைப் பற்றிய சிரிப்பை, பிழையை லேசாக எடுத்துக்கொள்ளும் மனப்பான்மை என்று தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் படிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதே சம்பவம், சிரிப்பு இல்லாமல், அந்த நிறுவனத்துக்கே மிகப் பொருத்தமானது: கையேட்டைப் பயனரிடம் கொடுத்துச் சோதித்த அனுபவத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதனால் போன் செய்த வரியை எடுத்துவிட்டு, “இந்த வரிசைப் பிழையால் பயனர்கள் கருவியை இயக்க முடியாமல் நின்றார்கள்” என்று வைத்தோம். கூடவே, திருத்தத்துக்கு யாரிடம் ஒப்புதல் பெற்றார், மாற்றத்தை எங்கே பதிவு செய்தார் என்று ஒரு வாக்கியம் சேர்த்தோம். சம்பவத்தை எடுத்துவிடுவதும் சம்பவத்திலிருந்து சிரிப்பை எடுத்துவிடுவதும் வேறு வேறு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பயந்து முழுவதையும் வெட்டிவிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தில் அவர் இன்னொரு பத்தியும் சேர்க்க விரும்பினார்: தன் தாயின் நோய்க்காலத்தில் ஒரு கருவியின் கையேட்டோடு பட்ட பாடு. மனதைத் தொடும் அனுபவம்தான். ஆனாலும் தாயின் நோய் விவரங்களை எடுத்துவிடச் சொன்னோம். உடல்நலம், குடும்ப நிலை, மதம், அரசியல் போன்றவை தேர்வு செய்பவர் கணக்கில் எடுக்கக் கூடாத தகவல்கள். நாமே முன்வந்து எழுதும்போது படிப்பவருக்கு அதை என்ன செய்வது என்று தெரியாது. “இதுபோன்ற கருவி ஒன்றை வீட்டில் பயன்படுத்தியிருக்கிறேன், அதன் கையேட்டில் எச்சரிக்கைக் குறிப்புகள் படிகளுக்குப் பின்னால் வந்தன” என்ற அளவில் நிறுத்தினால் போதும். எச்சரிக்கை படிக்கு முன்னால் வர வேண்டும் என்று தெரிந்தவர் என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது.

அரசு அலுவலக விண்ணப்பம் விரைவில் முடிந்தது. அறிவிப்பிலேயே ஐந்து தகுதிகளைப் பட்டியலிட்டு, அவற்றின் அடிப்படையில் தேர்வுக் குழு மதிப்பெண் போடும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட குழுவில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் இட்டுப் பிறகு ஒப்பிடுவார்கள். நகைச்சுவைக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. பிடித்தாலும் மதிப்பெண் ஏறாது, ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் இறங்கலாம். சம்பவத்தை ‘பயனர் தேவையை அறிந்து எழுதுதல்’ என்ற தகுதியின் கீழ் வைத்து, நிலைமை, செய்தது, பலன் என்று மூன்று வாக்கியமாக்கினோம். அறிவிப்பில் இருந்த சொற்களையே பயன்படுத்தினோம். குழுவினர் தேடும் சொல் கண்ணில் படாவிட்டால் கட்டம் காலியாகவே நிற்கும்.

இடையில் ஒரு ஆள்சேர்ப்பு ஏஜென்சி வந்தால், ஏஜென்சிக்குப் போகும் கடிதத்தில் சிரிப்பு வேண்டாம். அவர்கள் அதை எந்த நிறுவனத்துக்கு அனுப்புவார்கள் என்பது நமக்குத் தெரியாது.

அனுப்புவதற்கு முன் மூன்று கோப்புகளுக்கும் நிறுவனத்தின் பெயரை வைத்தே பெயரிட்டு, ஒவ்வொன்றிலும் சம்பவம் எந்த வடிவில் போயிருக்கிறது என்று தனியே குறித்துக்கொள்ளச் சொன்னோம். நேர்காணலில் இந்தப் பத்தியைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அதிகம். கேட்டால் இரண்டு நிமிடமாவது உண்மை விவரத்தோடு பேச வேண்டும். எத்தனை படிகள் மாறின, சோதித்தவர் எங்கே தயங்கினார், யார் ஒப்புதல் தந்தார் என்பதெல்லாம் கைவசம் இருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் விசாரித்தாலும் இதே கதைதான் வர வேண்டும். மருத்துவக் கருவி நிறுவனத்தின் கடிதத்தில் இல்லாத போன் வரியை அங்கே நேர்காணலில் தானாகச் சொல்ல வேண்டாம். கேட்பவரே கையேட்டுப் பிழைகளைப் பற்றிச் சிரித்துப் பேசத் தொடங்கினால் மட்டும் சொல்லலாம். அதுவும் திருத்தியதைச் சொல்லி முடித்த பிறகு.