காய் வெடிக்காமல் விதை விழுந்தால்: ஓட்டு வீட்டில் எடுத்த திரில்லர்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு ஓட்டு வீடு, இரண்டு நடிகர்கள். இதை வைத்துத்தான் எங்கள் குறும்படத்தைத் திட்டமிட்டோம். ரத்தம், துரத்தல் எதற்கும் காசு இல்லாததால் பயம் முழுவதும் சத்தத்திலிருந்துதான் வரவேண்டும். எந்தச் சத்தம் என்பதை வீட்டுக்கார மாமா சொல்லிக்கொடுத்தார்.

முற்றிய ரப்பர் காய் வெயில் சூட்டில் பட்டென்று வெடித்து விதையைத் தூக்கி எறியும், அது ஓட்டில் விழுந்து உருளும். "வெடிச்ச சத்தம் கேக்காம ஓட்டுல ஏதாவது விழுந்தா, யாரோ எறிஞ்சதுன்னு வச்சுக்க மக்களே" என்றார் மாமா. படமே அந்த வரியில்தான் நிற்கிறது.

ஆனால் பார்ப்பவருக்கு இந்த விதி முதலில் பழக வேண்டும். அதனால் தொடக்கத்தில் இரண்டு முறை வெடிப்பும் விழுதலும் சேர்ந்தே வரும், நடிகர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கிளை ஓட்டுக்கு 10 மீட்டர் மேலே இருந்தால் விதை நேராக வந்து விழக் கிட்டத்தட்ட 1.4 விநாடி ஆகும், எடிட்டிங்கிலும் அதே இடைவெளியை வைத்தோம். அரை விநாடியாகக் குறைத்தால் இரண்டும் ஒரே சத்தம்போல ஒட்டிக்கொள்கிறது, 1.4 விட்டால் காது தானாகவே அடுத்ததுக்குக் காத்திருக்கிறது. மூன்றாவது முறை வெடிப்பே இல்லை, ஓட்டில் மட்டும் டக்.

காய் வெடிப்பது பெரும்பாலும் உச்சி வெயிலில் என்பதால் கதையையும் பகலுக்கே மாற்றினோம், லைட் வாடகை மிச்சமானது. கூரையில் இருந்த கண்ணாடி ஓடு வழியாக விழும் வெளிச்சம் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும், ஷாட்டுக்கு ஷாட் அது தாவினால் காட்சி உடைந்துவிடும், அதனால் அந்த அறையில் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

வசனம் பேசும்போது நிஜக் காய் வெடித்தால் அந்த டேக்கை விட்டுவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை. படத்துக்கு வேண்டிய சத்தத்தைத் தனியாகப் பிடித்தோம்: வெடிப்பைத் தோட்டத்தில், ஓட்டில் விழுவதை அதே அறைக்குள், வசனத்துக்கு மைக் இருந்த அதே இடத்திலிருந்து. வெளியே நின்று பதிவு செய்தால் அறையின் எதிரொலி இருக்காது, சத்தம் கூரைக்கு மேலே இருப்பதாகவே தோன்றாது. அப்புறம், யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் எடுத்து வைத்தோம், வெட்டும் இடங்களை மூட அது வேண்டும்.

ஷூட்டிங்கில் நடிகர்கள் சரியான இடத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்கு ஒருவர் கம்பால் உத்தரத்தைத் தட்டுவார். மூன்றாவது சத்தத்துக்கு அண்ணனாக நடித்தவரைப் பின்வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தோம். தங்கைக்கு வாசல் நேரே தெரியும், அண்ணன் கூரையைப் பார்க்கும்போது அவள் பார்வை மட்டும் வாசலில் நிற்கும். கேமரா அவள் முகத்தை விட்டு நகராது, வாசலைக் காட்டவே மாட்டோம்.