பெரம்பூர் கடையின் சரக்குக் கணக்கு

ஜூன் 8, 2025, ஞாயிறு

அப்பா 27 ஆண்டுகளாகப் பெரம்பூரில் நடத்திவந்த எலக்ட்ரிக்கல் கடையை, பாரிமுனையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பத்தாண்டு விற்பனையாளராக இருந்த ஒருவர் வாங்கிக்கொள்கிறார். பெயர்ப் பலகையும் அலமாரிகளும் அப்படியே இருக்க, வேலை செய்யும் இரண்டு பையன்களும் தொடர, கடை ஒருநாள்கூட வியாபாரம் நிற்காமல் கைமாற வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். கடைப் பெயருக்கும் அலமாரி முதலான தளவாடங்களுக்கும் சேர்த்து 4 லட்சம் என்பது அரை மணி நேரத்தில் பேசி முடிந்துவிட்டது. சரக்கில்தான் பேச்சு நின்றது.

கம்ப்யூட்டரில் கையிருப்பு 13,80,000 ரூபாய் காட்டுகிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. “அண்ணாச்சி, கம்ப்யூட்டரில் இருப்பதை நான் விற்க முடியாது, அலமாரியில் இருப்பதைத்தான் விற்க முடியும்” என்று அவர் மரியாதையாகவே சொன்னார். அப்பாவின் முகம் வாடினாலும், கடைக் கணக்கை எழுதுகிறவள் என்ற முறையில் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தோன்றியது. மாதக் கடைசியில் இரு தரப்பும் சேர்ந்து எண்ணுவது, எண்ணி வருகிற சரக்குக்குத் தனியே விலை போடுவது, அந்தத் தொகை எவ்வளவு வந்தாலும் 13 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. உச்சவரம்பை அவர்தான் கேட்டார். அது இல்லாவிட்டால், விற்கிறவர் எண்ணும் நாளுக்கு முன் கடனுக்குச் சரக்கெடுத்து அலமாரியை நிரப்பிவிட முடியும். அதற்கு ஈடாக நான் ஒன்று கேட்டேன்: சரக்கு குறைவாக வந்தால், அதைக் காட்டி 4 லட்சத்தைத் திரும்பப் பேசக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எண்ணிக்கையைத் தொடாமல் விலை விதியை மட்டும் பேசினோம். எந்தப் பொருள் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு விதி பேசினால், ஒவ்வொருவரும் தமக்கு லாபமான பொருளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

“அடக்க விலை” என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது எளிது. எது அடக்கம் என்பதில்தான் தகராறு வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் சுருள் ஒன்றை அப்பா மார்ச் மாதம் 2,350 ரூபாய்க்கு எடுத்தார்; செம்பு விலை ஏறியதால் ஜூன் பில்லில் அதுவே 2,520. இரண்டு பில்லின் சுருளும் ஒரே அடுக்கில் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் இன்றைய விலை போட வேண்டும் என்றார் அப்பா. வாங்குபவர் மறுக்கவில்லை. எல்.ஈ.டி. பேட்டன் விளக்கு முன்பு 210, இப்போது 175 என்பதை மட்டும் நினைவூட்டி, விதி ஒன்றாக இருந்தால் தமக்குச் சம்மதம் என்றார். ஏறிய பொருளுக்குப் புது விலை, இறங்கிய பொருளுக்குப் பழைய விலை என்று கேட்க நியாயமில்லை. ஆகவே எல்லாச் சரக்குக்கும் கடைசிப் பில்லின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, என்று எழுதிக்கொண்டோம். வாங்கியபோது கட்டிய வரியை, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவாக அப்பா முன்பே எடுத்துவிட்டதால், அதைச் சரக்கு விலையிலும் சேர்த்தால் ஒரே பணத்தை இருமுறை வாங்கியதாகிவிடும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்பு முறைக் கடையாக இருந்தால் அந்த வரவு கிடையாது; அங்கே வரியும் அடக்கத்தில் சேரும்.

கடைசிப் பில்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூறு பல்பு எடுத்தால் பத்து இலவசம் என்ற ஸ்கீமில் எங்களிடம் 220 பல்புகள் வந்துள்ளன. பில்லில் ஒன்று 70 ரூபாய். கம்ப்யூட்டர் 220ஐயும் எழுபதால் பெருக்கி 15,400 காட்டுகிறது. அப்பா கொடுத்ததோ 200 பல்புகளுக்கான 14,000 மட்டுமே. அதுபோல ஒரு கம்பெனியின் சுவிட்சுகளுக்கு, பில்லுக்குப் பின் 5 சதவீதம் தள்ளுபடி கிரெடிட் நோட்டாக வரும். அதைப் பொருள் விலையில் நாங்கள் கழித்ததே இல்லை. இரண்டையும் நானாகவே எடுத்துச் சொன்னேன். வாங்குபவர் மொத்தக் கடையில் இருந்தவர், எப்படியும் கண்டுபிடித்திருப்பார். அப்போது மற்ற எல்லா விலையிலும் சந்தேகம் வந்திருக்கும்.

ஜூன் 26, வியாழன்

ஆடிட்டரைப் பார்த்தோம். நடக்கிற தொழிலை முழுமையாக மாற்றிக் கொடுப்பதற்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், சரக்குக்கு வரி போட்டுப் பில் எழுத வேண்டியதில்லை. அப்பாவின் கணக்கில் மீதமிருக்கும் வரி வரவை ITC-02 படிவம் வழியாகப் புதியவரின் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பட்டயக் கணக்காளரின் சான்று தேவை. எங்கள் பதிவை ரத்து செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்று ஆடிட்டர் அழுத்திச் சொன்னார். கைமாறும் நாள் வரையிலான பழைய வரிப் பாக்கிக்கு வாங்குபவரும் சேர்ந்து பொறுப்பு என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவு. அதனால் எங்கள் இறுதிக் கணக்கு தாக்கலாகும்வரை 50,000 ரூபாயை நிறுத்திவைக்க அவர் கேட்டார், ஒப்புக்கொண்டோம்.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எண்ணத் தொடங்கினோம். ஜோடிக்கு இருவர், எங்கள் பக்கம் ஒருவர் எண்ணிச் சொல்ல, அவர் பக்கம் ஒருவர் எழுதினார். தாளில் அலமாரி எண், பொருள், அளவு ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. கம்ப்யூட்டர் காட்டும் இருப்பையும் விலையையும் வேண்டுமென்றே விட்டிருந்தேன், ஏனென்றால் 48 இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தவன் 46 வரை எண்ணிவிட்டு 48 என்று சொல்லிவிடுவான். முடிந்த தட்டுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினோம். பத்துத் தட்டுக்கு ஒன்றை வாங்குபவரே தேர்ந்து மறுபடி எண்ணினார். ஒரு தட்டில் எம்.சி.பி. பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு காலிப் பெட்டியையும் சேர்த்து எண்ணியிருந்தோம். அந்த அலமாரி முழுவதையும் திரும்ப எண்ணினோம்.

மூலையில் மூன்று சீலிங் ஃபேன்கள் இருந்தன. ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டு, வீட்டில் பெயின்ட் வேலை முடியட்டும் என்று விட்டுவைத்தவை. அவை கடைச் சரக்கு இல்லை என்று சீட்டு கட்டி ஒதுக்கினோம். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்த, வாரண்டியில் வந்த பழுதான பல்புகளும் எண்ணிக்கையில் சேரவில்லை. அவற்றுக்கு மாற்று வரும்போது அது அப்பாவுக்கு.

வெட்டிய வயர் சுருள்களில்தான் மதியம் முழுதும் போயிற்று. மீட்டர் போட்டு அளக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். வாங்குபவர் ஒரு வழி காட்டினார். பிரிக்காத 90 மீட்டர் சுருளை அட்டைப் பெட்டி நீக்கித் தராசில் வைத்தோம்: 2 கிலோ 880 கிராம், அதாவது மீட்டருக்கு 32 கிராம். அதே கம்பெனியின், அதே அளவு வெட்டுச் சுருள் ஒன்று 1,216 கிராம் இருந்தது. ஆக 38 மீட்டர். கம்ப்யூட்டர் 46 மீட்டர் என்றது. சந்தேகம் தீர அந்த ஒன்றை மட்டும் தரையில் விரித்து அளந்தோம். 38ஐ ஒட்டியே வந்தது. எட்டு மீட்டர் எங்கே போயிற்று என்பதை அப்பாவே சொன்னார்: கையால் நீட்டி அளக்கும்போது பழகிய எலக்ட்ரீஷியன்களுக்கு ஒரு சாண் கூட்டியே வெட்டிக் கொடுப்பது அவர் வழக்கம். மீட்டர் 28 ரூபாய் வீதம் அந்தச் சுருளுக்கு 1,064 என்று போட்டோம். கம்பெனி மாறினால் மேலுறையின் எடையும் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் முழுச் சுருளை எடை போட வேண்டியிருந்தது. ஐந்து மீட்டருக்குக் குறைந்த துண்டுகளுக்கு விலையே போடவில்லை.

இரவு ஒன்பதரைக்கு ஒவ்வொரு தாளிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம்.

ஜூன் 30, திங்கள்

இரவே விலை ஏற்றிப் பார்த்தேன். பில் விலையில் 13,12,000. கம்ப்யூட்டர் கணக்குக்கு 68,000 குறைவு. வயர், உடைந்து எறிந்து பதிவாகாமல் போனவை, எலக்ட்ரீஷியன்கள் எடுத்துப்போய்ப் பில்லாகாதவை என்று பல வருடத்துச் சேதாரம் அது. சுவிட்ச் தள்ளுபடி 21,000, பல்பு ஸ்கீம் 1,400 ஆகியவற்றைக் கழித்ததும் 12,89,600 ஆயிற்று.

ஓடாத சரக்குக்குக் கழிவு போடும் விதியையும் 15ஆம் தேதியே எழுதியிருந்தோம். கடைசியாக விற்று ஆறு மாதத்துக்குள் என்றால் முழு விலை, ஒரு வருடம் வரை 80 சதவீதம், இரண்டு வருடம் வரை பாதி, அதற்கு மேல் அவர் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தேதியை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறு வருகிறது. சீரியல் விளக்குச் சரங்கள் கடைசியாக விற்றது டிசம்பர் 23; விதிப்படி 80 சதவீதம்தான். தீபாவளிக்கு நான்கு மாதம்கூட இல்லை என்று அப்பா வாதாடினார்; வாங்குபவர் ஏற்று, 18,000 ரூபாய்ச் சரக்கை முழு விலைக்கு மாற்றினார். மறுபக்கம், பழைய மாடல் ஃபேன் ரெகுலேட்டர் 46 இருந்தன. போன மாதம் ஒன்று விற்றதால் அது முழு விலையில் உட்கார்ந்திருந்தது. வருடம் முழுதும் விற்றதோ நான்கே. அப்படியென்றால் பதினோரு வருடச் சரக்கு. நான்குக்கு முழு விலை, மீதி 42 அப்பாவுக்கே என்று முடித்தோம். அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கம்பெனி ஆள் சொன்னான் என்று மொத்தமாக எடுத்தது தம் தவறுதான் என்றார்.

இந்த மாற்றங்களுக்குப் பின் முழு விலையில் 10,30,000; 1,40,000க்கு 80 சதவீதமாக 1,12,000; 80,000க்குப் பாதியாக 40,000. மொத்தம் 11,82,000. மீதி 39,600 ரூபாய்ச் சரக்கில் சி.எஃப்.எல். விளக்குகளும் பழைய டியூப்லைட் சோக்குகளும்தான் அதிகம். சோக்குக்குள் செம்புச் சுற்று இருப்பதால் அவற்றைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்துவைத்தோம்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று கடை வழக்கம்போல் திறந்திருந்ததால் அந்த ஒருநாள் கணக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது. நேற்றைய பில்களை விற்ற விலையில் கழிக்கக் கூடாது. விற்ற ஒவ்வொரு பொருளையும் அதே விதிப்படி அடக்க விலைக்கு மாற்றினால் 13,900. 27ஆம் தேதியிட்ட பில்லுக்கான 18,600 ரூபாய்ச் சரக்கு நேற்றுதான் வந்து இறங்கியது. ஞாயிறு எண்ணிக்கையில் அது இல்லை, ஆனால் பில் அப்பா பெயரில் இருக்கிறது. ஆகவே சரக்கைக் கூட்டி, பில் பணத்தை அப்பா கட்டுவதென்று எழுதினோம். இறுதித் தொகை 11,86,700.

காலை பத்து மணிக்கு அந்தத் தொகையும் 4 லட்சமும் சேர்ந்த 15,86,700இல் 50,000 நீங்கலாக மீதி வங்கியில் ஏறியது. சாவியைக் கொடுக்கும்போது அப்பா முதலில் காட்டியது மூலையில் இருந்த மூன்று ஃபேன்களை. அந்த வாடிக்கையாளரின் வீட்டு விலாசத்தையும், பெயின்ட் வேலை எப்போது முடியும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார்.