கருப்பைத் தமனியும் யூரேட்டரும்: உடற்கூறியல் வைவாவுக்கு இதைப் படிக்கும் முறை

முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். உடற்கூறியல் வைவாவில், நடுவே பிளக்கப்பட்ட பெண் இடுப்புக்கூட்டு மாதிரி மேசையில் இருந்தால், கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். முதலில் கருப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பார்கள். அடுத்து அதைத் தாங்குபவை எவை என்பார்கள். கடைசியில் யூரேட்டருக்கு வந்து சேர்வார்கள். பாடநூலில் இவை வெவ்வேறு பக்கங்களில் இருந்தாலும், உடலில் மூன்றும் கருப்பைக் கழுத்தின் பக்கவாட்டில் ஏறக்குறைய 2 செ.மீ. தொலைவுக்குள் சந்திக்கின்றன. அந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் விடைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாமே வரும் என்பது என் அனுபவம்.

குழந்தை பெறாத பெண்ணின் கருப்பை சுமார் 7.5 செ.மீ. நீளமும், மேற்பகுதியில் 5 செ.மீ. அகலமும், 2.5 செ.மீ. தடிமனும் கொண்டது. அது யோனியின் அச்சுக்கு ஏறத்தாழ செங்குத்தாக முன்னோக்கிச் சாய்ந்தும், கழுத்துக்கு மேலே மீண்டும் சற்று முன்னோக்கி மடிந்தும் சிறுநீர்ப்பையின் மீது படிந்திருக்கிறது. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றறையின் அழுத்தம் கருப்பையைச் சிறுநீர்ப்பையின் மீதே அமுக்குவதற்கும், யோனிக்குள் தள்ளிவிடாமல் இருப்பதற்கும் இந்தச் சாய்வே காரணம். கருப்பை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் அதன் அச்சு யோனியின் அச்சோடு ஒரே கோட்டில் வந்துவிடும். கீழிறக்கத்துக்கு வழி அங்கே திறக்கிறது.

தாங்குபவை எவை என்று கேட்டவுடன் பலரும் முதலில் சொல்வது பிராட் லிகமென்ட். அது கருப்பையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் பெரிட்டோனிய மடிப்புதான். எடையைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. ரவுண்டு லிகமென்ட் கருப்பையின் மேல்மூலையிலிருந்து இங்குவினல் கால்வாய் வழியாகச் சென்று லேபியம் மேஜஸில் முடிகிறது. கருப்பையின் முன்சாய்வைக் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு; ஆனால் கருப்பை கீழே இறங்குவதை அது தடுப்பதில்லை. கீழிருந்து ஏந்துவது லிவேட்டர் ஏனை தசையும் பெரினியல் பாடியும். பக்கங்களிலிருந்து பிடித்திருப்பவை மேக்கன்ராட் லிகமென்டும், பின்னோக்கி மலக்குடலின் இருபுறமாகச் சேக்ரம் வரை செல்லும் யூட்டெரோசேக்ரல் லிகமென்டும், முன்னோக்கிச் செல்லும் பியூபோசெர்விக்கல் லிகமென்டும் ஆகும். இம்மூன்றும் பற்றியிருப்பது கருப்பையின் உடலை அல்ல, கழுத்தையும் யோனியின் மேல்முனையையும்தான் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கருப்பையை முழுவதும் அகற்றிய பின் யோனியின் மேல்முனையை இந்த லிகமென்ட்களின் அடிகளோடு சேர்த்துத் தைப்பது ஏன் என்ற துணைக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

மேக்கன்ராட் லிகமென்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூட்டுகளில் காணும் லிகமென்டைப் போன்ற தெளிவான நாரை மாதிரியில் தேடினால் அது கிடைக்காது. பிராட் லிகமென்டின் அடியில், இடுப்பின் பக்கச் சுவரிலிருந்து கழுத்துக்கு வரும் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் சுற்றி இணைப்புத் திசு இறுகி அமைந்ததே அது. ஆகவே கருப்பைத் தமனி அவ்வழியே வருவதில் வியப்பில்லை. சிறுநீர்ப்பையை நோக்கி முன்செல்லும் யூரேட்டரும் அதே திசுவை ஊடுருவியே செல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கே வரும் தமனியும் முன்னோக்கிச் செல்லும் யூரேட்டரும் ஒன்றையொன்று கடப்பது அங்கேதான்.

‘பாலத்தின் அடியில் ஓடும் நீர்’ என்ற வகுப்பறை வாசகம், தமனி மேலே, யூரேட்டர் கீழே என்பதை மட்டும் நினைவூட்டும்; எங்கே, எவ்வளவு அருகில் என்பதைச் சொல்லாது. அதனால் இரு பாதைகளையும் தொடக்கத்திலிருந்தே விரலால் தொடர்ந்து காட்டப் பழகுங்கள். யூரேட்டர் பொது இலியாக் தமனி பிரியும் இடத்தருகே இடுப்பின் விளிம்பைக் கடந்து, உட்புற இலியாக் தமனியின் முன்னால், சூலகத்துக்குப் பின்புறமாக இறங்கும். இஷியல் ஸ்பைனின் மட்டத்தில் முன்னும் உள்ளும் திரும்பி, பிராட் லிகமென்டின் அடியில் நுழைந்து, கழுத்திலிருந்து ஏறத்தாழ 1.5 முதல் 2 செ.மீ. தொலைவில் தமனிக்குக் கீழே சென்று, யோனியின் பக்க மேல்முனையை ஒட்டிச் சிறுநீர்ப்பையை அடையும். கருப்பை பலருக்கும் சற்றே ஒருபுறம் ஒதுங்கியிருப்பதால் இரு யூரேட்டர்களும் கழுத்திலிருந்து சம தொலைவில் இருப்பதில்லை. தமனியோ உட்புற இலியாக்கின் முன்கிளையில் தோன்றி, உள்நோக்கி வந்து, யூரேட்டரின் மேலாகவும் முன்னாகவும் கடந்தபின், கருப்பையின் ஓரமாக நெளிந்து நெளிந்து மேலேறிச் சூலகத் தமனியோடு இணைகிறது.

மாதிரியில் எது எது என்று கடக்கும் இடத்தில் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாடம் செய்யப்பட்ட உடலில் இரண்டும் ஒரே பழுப்பு நிறமாகத் தெரியக்கூடும். இடுப்பின் விளிம்பில் பெரிட்டோனியத்தை மெல்லத் தூக்கினால், யூரேட்டர் அதன் பின்பரப்பில் ஒட்டிக்கொண்டே கூட வரும்; தமனி அப்படி வராது. அங்கே அடையாளம் கண்டபின் கீழ்நோக்கித் தொடருங்கள்.

இந்த உறவைச் சோதிக்கும் நோயாளிக் கதை ஒன்று இறுதியாண்டு மகப்பேறு மருத்துவத் தேர்வு வரை வரும். நார்க்கட்டிக்காக வயிற்று வழியாகக் கருப்பை அகற்றப்பட்ட ஒரு பெண்ணுக்கு, இடது கருப்பைத் தமனியில் போட்ட கட்டு நழுவி இரத்தம் பீறிட்டதால், அவசரத்தில் இன்னும் வெளிப்புறமாக ஒரு கிளாம்ப் போடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் நாளில் அவருக்கு இடது விலாப்புறம் வலிக்கிறது, யோனியிலிருந்து நீர் ஓயாமல் கசிகிறது. ஆனால் வழக்கம்போலச் சிறுநீரும் கழிக்கிறார். வலது சிறுநீரகம் செவ்வனே இயங்குவதால் இரத்தத்தில் கிரியேட்டினின் இயல்பாகவே இருக்கலாம். அதைக் கண்டு யூரேட்டர் காயத்தை மறுத்துவிடக் கூடாது. கசியும் நீரில் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர்தான். சிறுநீர்ப்பைக்குள் மெத்திலீன் புளூ செலுத்தி, யோனியில் வைத்த பஞ்சு நீலமாகாமல் நனைந்திருந்தால், ஓட்டை சிறுநீர்ப்பையில் இல்லை, யூரேட்டரில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சி.டி. யூரோகிராம் இடத்தைக் காட்டிவிடும்.

இதைத் தவிர்ப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. சிறுநீர்ப்பையைக் கழுத்திலிருந்து பிரித்துக் கீழே தள்ளி, கருப்பையை மேலே இழுத்தால், யூரேட்டர் கீழும் வெளியுமாக விலகும். கிளாம்பைக் கழுத்தை ஒட்டியே போட வேண்டும். அதற்கடுத்த ஒவ்வொரு கிளாம்பும் முந்தியதற்கு உட்புறமாகவே அமைய வேண்டும். இரத்தம் பீறிட்டால் முதலில் விரலால் அழுத்திப் பிடித்து, யூரேட்டரைக் கண்ணால் கண்ட பிறகே கிளாம்ப் போட வேண்டும். உயிருள்ள உடலில் யூரேட்டரை இடுக்கியால் மெல்லத் தொட்டால் புழு நெளிவதுபோல் அலையோடும். தமனி துடிக்கும், நெளியாது.

தேர்வாளர் நல்ல மனநிலையில் இருந்தால், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சிறுநீரகம் ஏன் வீங்குகிறது என்றும் கேட்பார். புற்று கழுத்திலிருந்து பக்கவாட்டுத் திசுவுக்குள் பரவும்போது அங்கே செல்லும் யூரேட்டரை நெருக்கி அடைக்கிறது. வேறு காரணமில்லாத ஹைட்ரோநெஃப்ரோசிஸ் இருந்தால் நோய் குறைந்தது ஃபிகோ IIIB நிலை என்று கணக்கிடப்படுவது இதனால்தான். இரு யூரேட்டர்களும் அடைபட்டால் யுரீமியாவில் முடியும்.